மூன்று நிமிடத்தில் 'பெரியவர்' ஆவது எப்படி?

போன மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வீடியோ செய்தோம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் அவர்கள். வெவ்வேறு மதங்களில் பிள்ளைகள் பெரியவர்கள் ஆவதை எப்படிச் சடங்காகச் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும் என்பதால் அதுதான் எல்லை.

முதலில் ஆறு மதம், ஆளுக்கு அரை நிமிடம் என்று பிரித்தோம். பட்டு வேட்டி, வெள்ளை கவுன், கேக், மேளம் எல்லாம் வந்து போயின. எல்லா மதமும் பிள்ளைகளைக் கொண்டாடுகிறது என்று முடித்தோம். வெளியிடும் முன் ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "பூணூல் இந்துக்களோட சடங்குன்னு சொல்றீங்க. என் சர்டிபிகேட்லயும் இந்துன்னுதான் இருக்கு. எங்க வீட்ல ஏங்க்கா யாருக்கும் போடல?"

எங்கள் வீடியோவில் அதற்குப் பதில் இல்லை. பின்வரிசையில் ஒரு பெண், மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் படம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் படமும் எங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸாக நின்றது. அதன்பின் மூன்று வாரம் அவள் படிப்பகத்துக்கு வரவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்கக்கா" என்றாள்.

அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டோம். ஆறு மதத்தை மூன்று சடங்காகக் குறைத்து, ஒவ்வொன்றிடமும் ஒரே மூன்று கேள்விகளைக் கேட்பது என்று முடிவு செய்தோம். அன்று அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? மறுநாள் அதன் வாழ்க்கையில் என்ன மாறுகிறது? வாசலுக்கு வெளியே நிற்பது யார்? மூன்றாவது கேள்வி இல்லாமல் எழுதினால் எல்லாச் சடங்கும் அழகாகத்தான் தெரியும்.

முதலில் யூதர்களின் பார் மிட்ஸ்வா. பதின்மூன்று வயதில் பையன் சபை முன்னால் நின்று, கையால் எழுதப்பட்ட தோரா சுருளிலிருந்து வாசிக்கிறான். அந்தச் சுருளில் உயிரொலிக் குறிகளும் நிறுத்தக் குறிகளும் கிடையாது. அதனால் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து மதக் கட்டளைகளுக்கு அவனே பொறுப்பு. விழா நடக்காவிட்டாலும் பதின்மூன்று வயது ஆனாலே அந்தப் பொறுப்பு வந்துவிடும். பெண்ணுக்கு அது பன்னிரண்டிலேயே வருகிறது. ஆனால் சபை முன்னால் நிற்கும் உரிமை வரவில்லை. 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி சபையில் எழுந்து வாசித்தாள். அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வாவாக அதைக் குறிப்பிடுகிறார்கள். அவள் அப்பா மொர்டெகாய் கப்லான் ஒரு ரபி. அப்படியும் அவளைச் சுருளின் அருகே விடவில்லை. தள்ளி நின்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தாள். வீடியோவில் அந்த இடைவெளியைக் காட்டினோம். சுருள் ஒரு பக்கம், சிறுமி ஒரு பக்கம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து உபநயனம். இங்கே நாங்களே ஒரு தப்பு செய்திருந்தோம். வயதுக்கு வரும் சடங்கு என்று எழுதியிருந்தோம். உண்மையில் அது படிப்புக்குள் நுழையும் சடங்கு. பூணூல் அணிவித்து, மந்திரம் சொல்லிக்கொடுத்து, வேதம் படிக்கத் தகுதி தருவது. மனுஸ்மிருதி பிராமணனுக்கு எட்டாம் ஆண்டு, சத்திரியனுக்குப் பதினொன்று, வைசியனுக்குப் பன்னிரண்டு என்று கணக்கு வைக்கிறது. சூத்திரனுக்குக் கணக்கே இல்லை. பெண்ணுக்குத் திருமணம்தான் உபநயனம் என்கிறது. வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்ட நம்மைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாட்டில் பிராமணர் அல்லாத விஸ்வகர்மா போன்றோரும் பூணூல் அணிகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தோம். இல்லையென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பையனின் கேள்விக்கு வெறும் சாத்திரம் பதிலாகாது என்று சிவாஜியின் கதையை வைத்தோம். கோட்டைகளைப் பிடித்து நாடு ஆண்டவர். ஆனாலும் முடிசூட வேண்டுமென்றபோது அவர் சத்திரியரா என்ற கேள்வி எழுந்தது. காசியோடு தொடர்புடைய காகபட்டர் என்ற பண்டிதர் வந்து, 1674இல், நாற்பதைக் கடந்த அந்த மனிதருக்கு முதலில் பூணூல் போட்டார்கள். பிறகுதான் பட்டாபிஷேகம். சிறுவனுக்குச் செய்யும் சடங்கைச் செய்துகொண்டால்தான் அரசனே அரசன். பாபாசாகேப் 1946இல் வெளியிட்ட 'சூத்திரர்கள் யார்?' என்ற நூலின் மைய வாதமும் இதைத் தொடுகிறது. உபநயனம் செய்துவைக்க மறுத்ததன் மூலமே ஒரு கூட்டத்தாரைப் பிராமணர்கள் கீழே தள்ளினார்கள் என்கிறார் அவர். நூல் வீட்டுக்குள் வராததற்குக் காரணம் வீடு இல்லை, நூல்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது மஞ்சள் நீராட்டு. இதை எந்த மதத்தின் கட்டத்துக்குள் போடுவது என்று தெரியாமல் திணறினோம். பைபிளில் இல்லை, ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் நடக்கிறது. நம் தெருக்களிலும் நடக்கிறது, தாய்மாமன் சீரோடு. அதனால் மதத்தின் பெயரைப் போடாமல் ஊர் வழக்கம் என்று சொன்னோம். முதல் கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டிலும் பிள்ளை ஏதோ வாசிக்கிறது, சொல்கிறது. இதில் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதற்கு முன் சில நாள் பச்சை ஓலைக் குடிசையிலோ வீட்டு மூலையிலோ தனியாக வைக்கிறார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். காரணமாகச் சொல்லும் சொல் 'தீட்டு'. நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியதும் அதே சொல்தான்.

மிச்சமிருந்த முப்பது நொடியில் இரண்டு விஷயம் மட்டும் சேர்த்தோம். கத்தோலிக்க உறுதிபூசுதலுக்கு உலகம் முழுக்க ஒரே வயது கிடையாது. கேரளத்துச் சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானத்தோடு கொடுத்துவிடுகிறார்கள். இஸ்லாத்தில் இதற்கென்று விதித்த விழா இல்லை. பருவம் வந்ததும் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன, அவ்வளவுதான். முதல் வடிவத்தில் ஏதாவது படம் வேண்டுமே என்று நோன்பு திறக்கும் காட்சியை ஒட்டியிருந்தோம். விழா இல்லை என்பதே ஒரு பதில். அதை மறைக்க வேண்டியதில்லை.

பேச்சு மட்டும் முந்நூறு சொல்லுக்குள் வந்தது. ஃபிளெக்ஸ் படத்தை எடுத்துவிட்டோம். இனி எந்தப் பெண் பிள்ளையின் விழாப் படத்தையும், முகத்தை மறைத்துக்கூடப் போடுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். சேலையையும் தெருவையும் வைத்தே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணே ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேனாவால் ஒரு தட்டும் டம்ளரும் வரைந்திருந்தாள். மூலையில் தள்ளி, சின்னதாக.

திரும்பப் போட்டுக் காட்டினோம். அந்தப் படம் வந்ததும் அதே பையன் கேட்டான்: "அக்கா, இது டீக்கடைல தாத்தாவுக்குக் கொடுத்த டம்ளரா?"

அவள்தான் பதில் சொன்னாள். "இல்லடா, இது வீட்ல. எனக்குக் கொடுத்தது."