இறைச்சி போடாவிட்டால் சைவமா?

பாங்கொக்கில் இரண்டு கிழமை நின்ற எங்களில் ஒருத்தி முட்டையும் தொடாத சைவம், மற்றவள் ஹலால் பார்த்துத்தான் சாப்பிடுவாள். ஒரே மேசையில் இருந்து சாப்பிடவேணும் என்பதுதான் எங்கட பிடிவாதம்.

முதல் தடங்கல் இறைச்சி இல்லை, மீன் சோஸ். தாய்லாந்துக்காரர் அதை 'நாம் ப்லா' என்பார்கள். நாங்கள் உப்புப் போடுற இடத்திலெல்லாம் அவர்கள் அதைத்தான் ஊற்றுவார்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று கேட்டு வாங்கிய கங்குன் வறையில் இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லைத்தான். ஆனா மணம் காட்டிக்கொடுத்தது. விசாரித்தால் மீன் சோஸோடு ஒய்ஸ்டர் சோஸும் போட்டிருக்கு. அந்தக் கடைக்காரம்மா பொய் சொல்லேல்லை. அவவுக்கு இறைச்சி வேற, சோஸ் வேற.

'மங்சவிரத்' என்று கேட்டாலும் முட்டை, பால் வரலாம். உண்மையில் கைகொடுத்த சொல் 'ஜே'. சீன வழிவந்த பௌத்தர்களின் விரதச் சாப்பாடு அது. மச்சம், முட்டை, பால், மது ஒன்றும் சேராது, உள்ளியும் வெங்காயமும்கூட இல்லை. கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும். தாய் எழுத்துத் தெரியாத எங்களுக்கு அது 17 என்ற இலக்கம் மாதிரித்தான் தெரிஞ்சுது. பிறகு தெருத்தெருவாய் 17 தேடுறதே வேலை. நூடில்ஸ் பைக்கற்றிலும் அதே 17 இருக்கும். மரக்கறிப் படம் மட்டும் போட்ட பைக்கற்றை நம்ப ஏலாது, சுவைத்தூள் எதிலிருந்து எடுத்ததென்று படம் சொல்லாது.

சைவக்காரிக்குப் பிரச்சினை தீர்ந்தது. மற்றவளுக்கு? ஜே ஹலால் சான்றிதழ் இல்லை. பன்றியும் மதுவும் இல்லை, ஜே மட்டும் சமைக்கிற கடையில் சட்டியும் வேற என்று பார்த்துத்தான் அவள் சம்மதிச்சாள். எல்லா முஸ்லிம்களும் அப்படிச் சம்மதிப்பார்கள் என்றில்லை. கோதுமைப் புரதத்தில் செய்த 'பன்றி இறைச்சி'யை மட்டும் அவள் கடைசிவரை தொடேல்லை. பார்க்கவே அருவருப்பாம்.

ஹலால் முத்திரை சாய்சதுர வடிவம், நடுவில் அரபு எழுத்து. பைக்கற்றுகளில் அதைத் தேடலாம். சமைத்த சாப்பாட்டுக்கு பெட்சபுரி 7ஆம் ஒழுங்கைக்குப் போனோம். தாருல் அமான் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கு. அங்க அவளுக்குக் கொண்டாட்டம், ஆனா அதே சட்டியில் மாடும் கோழியும் வேகும். சைவக்காரிக்கு ரொட்டிதான் மிச்சம், அதுக்கும் முட்டை உடைச்சு ஊத்துவாங்கள். 'மை சை கை' என்றால் முட்டை போடாதீங்கோ. தாய்மொழியில் கோழிக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான், உச்சரிப்பில் சின்ன வித்தியாசம். எங்கட வாயில் இரண்டும் ஒன்றாய்த்தான் வந்தது. இரண்டுமே அவளுக்கு வேண்டாம் என்றபடியால் பயமில்லாமல் சொன்னோம். வாழைப்பழம் வைத்து, சீனிப்பால் ஊற்றி ரொட்டி வந்தது. மற்றவளின் கோழிப் புரியாணிக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சாப்பிட்டோம்.