புகையின் நிறமும் புகை வரும் நேரமும்

வாகனப் பட்டறைகளில் ஒரு வாய்பாடு வழங்குகிறது: நீலப் புகை என்றால் ஆயில், வெண்புகை என்றால் கூலண்ட், கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. இது பொய்யன்று. ஆனால் அது பாதிக் கேள்விக்கே விடை தருகிறது. சிலிண்டருக்குள் எது எரிகிறது என்பதை நிறம் கூறும். அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்பதைக் கூறாது. பழுதுபார்க்கும் செலவைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டாவது கேள்விதான். கடந்த சனவரியில் ஒரு வேனின் பொருட்டு இதைப் பத்து நாட்கள் அருகிருந்து கவனித்தேன். பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் டேராடூனில் மலை ஊற்றுகள் குறித்து ஆய்வு செய்கிறேன். இளங்கலையில் படித்தது இயந்திரவியல். எங்கள் களப்பணிக்கு வழக்கமாக வரும் பெட்ரோல் வேனின் உரிமையாளரே அதன் ஓட்டுநரும் ஆவார். கார்வால் பகுதியைச் சேர்ந்த அவரைப் பாய்ஜி என்றே அழைப்போம். வேன் 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. காலையில் கிளப்பும்போது நீலப் புகை வருவதைக் கண்ட ஒரு பட்டறையினர், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, இன்ஜினை இறக்கி, போரிங் செய்து, புதிய பிஸ்டன் போட வேண்டும் என்று கூறி 45,000 ரூபாய் கேட்டிருந்தனர். வண்டி பத்து நாளாவது நிற்கும். வண்டிக் கடனின் தவணை இன்னும் ஓராண்டு பாக்கி. "சார்ஜி, இந்தப் பணத்தைக் கொடுத்தால் தவணை நிற்கும், கொடுக்காவிட்டால் வண்டி நிற்கும்" என்றார் பாய்ஜி.

முதலில் நிறத்தைப் பற்றிச் சில சொற்கள். எரியாமல் வெளியேறும் இன்ஜின் ஆயில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. அத்தகைய நுண்துளிகள் நீல ஒளியைச் சிவப்பைவிட மிகுதியாகச் சிதறடிக்கும். ஆகவே இருண்ட பின்புலத்தில் பார்த்தால் அந்தப் புகை நீலமாகத் தெரியும். அதே புகையை வெயிலுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் பழுப்பாகத் தோன்றும். நீராவி குளிர்ந்து உண்டாகும் துளிகள் அவற்றினும் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் அவை வெண்மையாகத் தெரிகின்றன. கரும்புகை சிதறலால் கருமை பெறுவதில்லை. அதிலுள்ள கரித்துகள்கள் ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே புகையை எந்தப் பின்புலத்தில் பார்த்தோம் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கதிரவன் எழுமுன், ஒரு கரும்பச்சைக் கதவின் முன் வண்டியை நிறுத்திப் பார்த்தோம்.

அங்கே இரு வேறு புகைகள் தெரிந்தன. கிளப்பிய கணத்தில் நீலப் புகை குபீரென்று வந்து பதினைந்து இருபது நொடிகளில் அடங்கியது. அதன் பின் வெண்புகை பத்து நிமிடம் வரை வந்துகொண்டிருந்தது. இந்த வெண்மையைக் கண்டு கூலண்டும் கசிகிறது என்று பட்டறையில் கூறியிருந்தனர். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. டேராடூனின் சனவரிக் காலையில் அந்த நீர் குளிர்ந்த சைலன்சரில் ஆவியும் துளியுமாக வெளிப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

இயல்பான நீராவியையும் கூலண்ட் கசிவையும் பிரித்தறிய மூன்று அடையாளங்களைக் கொண்டோம். நீராவி குழாயிலிருந்து சில அடி தூரத்திலேயே கரைந்து மறையும். கூலண்ட் புகை நெடுந்தூரம் தொங்கி நிற்கும், அதில் இனிப்பு வாடையும் இருக்கும். இன்ஜின் நன்கு சூடேறிய பின் நீராவி நின்றுவிடும்; கூலண்ட் புகை நிற்காது. இவ்விரண்டைவிடவும் உறுதியானது மூன்றாவது: கூலண்ட் எரிகிறதென்றால் எங்கோ குறைய வேண்டும். சேமிப்புக் குடுவையில் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கையில் பார்த்தோம். பத்து நாளும் மட்டம் கோட்டிலேயே இருந்தது. ஆயில் மூடியின் உட்புறத்தில் சிறிது பாலேடு போன்ற படலம் காணப்பட்டது உண்மை. குளிர்காலத்தில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து இது தோன்றுவதுண்டு. ஒருநாள் நீண்ட பயணம் போய்வந்ததும் மறைந்தது. மட்டம் மட்டும் குறைந்திருந்தால் வண்டியை அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பேன். ஹெட் காஸ்கெட் கசிவோடு ஓட்டினால் இன்ஜின் கொதித்து, சில மணி நேரத்திலேயே ஹெட் வளைந்துவிடக்கூடும். மூன்று புகைகளில் அவசரமானது வெண்புகையே.

எஞ்சியது நீலம். ஆயில் சிலிண்டருக்குள் நுழைய முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று கீழிருந்து: தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி. மற்றொன்று மேலிருந்து: வால்வின் தண்டைச் சுற்றியுள்ள சிறிய ரப்பர் சீல்கள் வெப்பத்தால் இறுகிப்போனால், தண்டின் வழியே வழிந்து. முதலாவதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு மேல்மூடியைத் திறந்தால் போதும். இரண்டுக்கும் புகை ஒரே நீலம். ஆனால் புகை வரும் நேரம் வேறு.

இதைச் சோதிக்க டேராடூனிலிருந்து மசூரி செல்லும் சாலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். பாய்ஜி ஓட்ட, நான் நண்பர் ஒருவரின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து காணொளி எடுத்தபடி தொடர்ந்தேன். ஏறும்போது ஆக்சிலரேட்டர் முழுமையாக அழுத்தப்பட்டிருக்கும். சிலிண்டரில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ரிங்குகள் தேய்ந்திருந்தால் புகை இடைவிடாமல் வர வேண்டிய தருணம் அதுவே. ஏற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் புகை எதுவும் இல்லை.

இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், காற்று நுழையும் வாய் மூடியிருக்க, பிஸ்டன்கள் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுழைவழியில் வலுவான வெற்றிடம் உண்டாகி, இறுகிய சீல்களைத் தாண்டி ஆயிலை உள்ளிழுக்கும். இழுக்கப்பட்ட ஆயில், மீண்டும் ஆக்சிலரேட்டரை அழுத்தும் கணத்தில் எரியும். நீண்ட இறக்கம் ஒவ்வொன்றின் முடிவிலும், வளைவைக் கடந்து பாய்ஜி காலை அழுத்தியவுடன் ஒரு நீல மேகம் எழுந்து மறைந்தது. காலை நேரப் புகைக்கும் இதுவே விளக்கம்: இரவெல்லாம் ஹெட்டில் தேங்கிய ஆயில் தண்டு வழியே சொட்டி, கிளப்பியவுடன் எரிந்து தீர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது சொட்டுவது சிறிதளவே என்பதால் அது தெரிவதில்லை. சூடேறிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதன் பெரும்பகுதியை எரித்தும் விடுகிறது. புகை இல்லாமையை மட்டும் நம்பாமல் டிப்ஸ்டிக் கணக்கையும் அதனால்தான் எழுதி வைத்தோம்: 1,800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்.

கண்ணால் கண்டதை அளவீட்டாலும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. வேறொரு பட்டறையில் கம்ப்ரெஷன் சோதனை செய்தோம். நான்கு சிலிண்டர்களிலும் முறையே 168, 165, 170, 162 பி.எஸ்.ஐ. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளந்தோம். ஊற்றிய ஆயில் ரிங்குகளின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். ரிங் தேய்ந்திருந்தால் அளவு முப்பது நாற்பது எனத் தாவும். இங்கே கூடியது ஆறு ஏழுதான். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது அழுத்தத்தைத் தாங்கும் மேல் ரிங்குகளையே அளக்கிறது. சுவரிலிருந்து ஆயிலை வழித்தெடுக்கும் கீழ் ரிங் கரி படிந்து சிக்கிக்கொண்டால், கம்ப்ரெஷன் நன்றாக இருக்க, ஆயில் மட்டும் குறையும். எண்களை மட்டும் பார்த்தவர் அங்கே ஏமாறுவார். ஏற்றத்தில் புகை இல்லை என்ற கவனிப்பே அந்த ஐயத்தை வெகுவாகக் குறைத்தது.

கரும்புகையை அந்த வேனில் காணவில்லை. ஆனால் அதே சாலையில் எங்களுக்கு முன்னே ஏறிய பழைய கார்புரேட்டர் ஜீப் ஒன்று அதைக் காட்டியது. மசூரியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் இதை முழுமையாக ஈடுசெய்யாது. ஏற ஏறக் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகுந்து, எரிய ஆக்சிஜன் போதாமல் கரி மிஞ்சுகிறது. கணினி கட்டுப்படுத்தும் இன்ஜின்கள் உணரிகளின் துணையால் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அவற்றில் கரும்புகை வந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும் வெப்ப உணரியையோ, ஒழுகும் இன்ஜெக்டரையோதான் முதலில் தேட வேண்டும். பிளக்கைக் கழற்றினால் உறுதிப்படும்: கலவை மிகுந்தால் உலர்ந்த கரி, ஆயில் என்றால் பிசுபிசுப்பான படிவு.

பாய்ஜியின் வேனுக்கு வால்வு சீல்களை மட்டும் மாற்ற முடிவாயிற்று. ஹெட்டையும் கழற்றவில்லை. பிளக் துளை வழியாக ஒரு நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் சுருட்டி இறக்கி, பிஸ்டனைக் கையால் மேலே கொண்டுவந்தால், கயிற்றுச் சுருள் வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய சீலை எடுத்துவிடலாம். எடுத்த சீல்களை விரலால் வளைத்தபோது, ரப்பராக இருக்க வேண்டியவை பிளாஸ்டிக் போல ஒடிந்தன. ஒன்றரை நாள் வேலை, 5,200 ரூபாய்.

மெக்கானிக் செய்த கடைசிச் சோதனையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வால்வின் தண்டையும் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். தண்டு ஆடினால் அதைத் தாங்கும் வால்வு கைடே தேய்ந்துவிட்டது என்று பொருள். புதிய சீல் சில மாதங்களில் மீண்டும் கெடும், ஹெட்டைக் கழற்றியே தீர வேண்டும். பதினைந்து வால்வுகள் ஆடவில்லை. நான்காம் சிலிண்டரின் ஒரு வால்வு சற்றே ஆடியது. அதைப் பாய்ஜியிடம் மறைக்காமல் கூறினார்: "இது ஓராண்டு தாங்கலாம், இரண்டாண்டும் தாங்கலாம். ஆயில் கணக்கை எழுதிக்கொண்டே வாருங்கள்." தவணை முடிய ஓராண்டு போதும் என்றார் பாய்ஜி. அடுத்த 2,000 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் குறைந்தது கால் லிட்டருக்கும் கீழே.