வெயில் ஏற்றிய நிறம்

மெல்பர்னில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கல்லூரிப் பெண். பாலித் தீவுக்கு விடுமுறை போகிறாள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மத்தியான வெயிலில் புல்தரையில் துண்டை விரித்துப் படுக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கேயே கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொண்டு போனால் அங்கே தோல் வேகாது என்பது அவள் கணக்கு. அவள் மட்டுமல்ல, வெள்ளைக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் கணக்கு அது. பிறவியிலேயே அந்தக் காப்பு உங்களுக்கு இருக்கிறதே என்று என்னைப் பார்த்துப் பொறாமையும் பட்டாள். பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

வெயிலில் தோல் கறுப்பது இரண்டு தவணையில் நடக்கிறது. வெயிலில் நிற்கும்போதே, சில நிமிடங்களில், சாம்பல் கலந்த ஒரு பழுப்பு தெரியும். இது புற ஊதா ஏ கதிரின் வேலை. தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனின் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறி, கொஞ்சம் இடம் மாறியும் நிற்கிறது. புதிதாக ஒரு துளி மெலனின்கூட உண்டாகவில்லை. அந்த நிறம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து ஏறுகிறதே, அதுதான் உண்மையான கறுப்பு. அதற்கு முக்கியக் காரணம் புற ஊதா பி.

ஏன் இரண்டு மூன்று நாள் தாமதம்? விஷயமே அங்கேதான் இருக்கிறது. புற ஊதா பி கதிர் மேல்தோல் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. அந்த இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சேதம் தெரிந்ததும் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் காவல் புரதம் என்று பாடப்புத்தகத்தில் வருமே, அதே பி53. அதன் தூண்டுதலால் அந்தச் செல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, அடியில் இருக்கும் மெலனோசைட் செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது. மெலனோசைட் மெலனின் தயாரித்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, தன் நீண்ட கைகள் வழியாகச் சுற்றியுள்ள முப்பது நாற்பது செல்களுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு செல்லிலும் அது உட்கருவின் மேல்பக்கமாகப் போய்க் குவிந்து, டி.என்.ஏ.வுக்குக் குடை பிடிக்கிறது. இவ்வளவும் நடந்து முடிய நாளாகிறது.

பி53 தான் இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைக்கிறது என்பதை பாஸ்டனில் டேவிட் ஃபிஷர் என்பவரின் ஆய்வுக்குழு 2007-ல் காட்டியது. பி53 இல்லாத எலிகளுக்குப் புற ஊதா காட்டினால் இந்தக் கறுப்பு ஏறவில்லை. ஆக, அடிபட்ட பிறகு எழும் கூக்குரல்தான் அந்த நிறம். தோல் சிவக்காமல், எரியாமல், பக்குவமாகக் கறுத்தாலும் டி.என்.ஏ. அடிவாங்கித்தான் இருக்கிறது.

சரி, அடிபட்டதுதான் பட்டது, பிறகாவது காக்குமா? கொஞ்சம் காக்கும். வெள்ளைத் தோலில் வெயிலால் ஏறும் கறுப்பு, எஸ்.பி.எஃப். 3 அல்லது 4 அளவுள்ள சன்ஸ்கிரீனுக்குச் சமம். அந்தப் பெண்ணின் தோல் பாலி வெயிலில் 15 நிமிடத்தில் சிவக்கும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எஃப். 3 இருந்தால் 45 நிமிடம் தாங்கும். ஆனால் கடற்கரைக்குப் போகிறவள் 45 நிமிடத்திலா எழுந்து வருவாள்? நாலு மணி நேரம் கிடந்தால், சிவக்கப் போதுமான அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். கடையில் விற்கும் எஸ்.பி.எஃப். 30 களிம்பைச் சரியான அளவு பூசினால் முப்பதில் ஒரு பங்குதான் புகும். இவள் ஒரு மாதம் வெந்து சம்பாதித்ததோ மூன்றில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. அந்தக் காப்பைச் சேர்க்க ஒவ்வொரு மத்தியானமும் கொடுத்த விலை தனிக் கணக்கு.

அந்த நிறம் நிலைப்பதும் இல்லை. மெலனின் ஏந்திய செல்கள் மேலே மேலே தள்ளப்பட்டு, ஒரு மாதம் போல ஆனதும் உதிர்ந்துவிடும். அடியில் இருக்கும் மூலச்செல்கள் உதிர்வதில்லை. அவற்றில் சரியாகப் பழுதுபார்க்கப்படாமல் தங்கிய டி.என்.ஏ. பிழைகள் அங்கேயே கிடக்கும். அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் சேரும்.

மெலனினை முழுக் கவசம் என்று கொண்டாடவும் தயக்கமாக இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒன்று கண்டார்கள். புற ஊதா ஏ பட்ட மெலனோசைட்டில், விளக்கை அணைத்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டி.என்.ஏ. சேதம் உண்டாகிக்கொண்டே இருந்தது. கதிர் தந்த ஆற்றலை ஏந்தி இருட்டில் டி.என்.ஏ.வுக்குக் கடத்தியது அதே மெலனின்தான்.

வெயிலில் படுப்பதைவிட மோசம், நிறம் ஏற்ற விளக்குப் படுக்கை. ஆஸ்திரேலியாவில் சோலாரியம் என்பார்கள். அந்த விளக்குகள் பெரும்பாலும் புற ஊதா ஏ. மேலே சொன்ன முதல் தவணை நிறம்தான் அதில் அதிகம் என்பதால், பார்க்கக் கறுப்பாக இருக்குமே தவிர, காப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. 2007-ல் கிளேர் ஆலிவர் என்ற மெல்பர்ன் பெண் மெலனோமா புற்றுநோயில் 26 வயதில் இறந்தார். சோலாரியம் போனவர். கடைசி வாரங்களில் அதன் ஆபத்தைப் பற்றிப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பேசிவிட்டுப் போனார். ஒருவருடைய புற்றுக்கு இதுதான் காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தது. விக்டோரியா மாநிலத்தில் 2015 தொடக்கத்திலிருந்து கட்டணம் வாங்கிச் சோலாரியம் நடத்தத் தடை.

இனி என் தோலுக்கு வருகிறேன். கறுத்த மனிதருக்கும் வெளுத்த மனிதருக்கும் மெலனோசைட் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்மிடம் மெலனின் பொட்டலங்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, சிதையாமல் தோலின் மேலடுக்கு வரை வருபவை. வெளுத்த தோலில் அவை சிறியவை, கொத்தாகக் கிடப்பவை. எத்தனை நாள் வெயிலில் படுத்தாலும் அந்த அமைப்பு நம்முடையதைப் போல ஆகிவிடாது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் மேல்தோலைச் சோதித்தபோது அதன் காப்பு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு இருந்தது. நம்மில் மாநிறத்தவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த ஊரில் நம் ஆட்கள் சிலர், நமக்கெதற்குத் தொப்பி என்று கோடை முழுக்க வெறுந்தலையோடு கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதற்கு இந்தப் பதிமூன்று போதாது. நம் முழங்கை வெயிலில் கறுக்கிறது என்றாலே, மேலே சொன்ன பி53 சங்கிலி அங்கேயும் ஓடுகிறது என்றுதான் பொருள்.

சந்தேகம் உள்ளவர்கள் என் வயதுக்காரர் யாராவது இருந்தால் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் பாருங்கள். என் முன்கையின் வெளிப்பக்கம் கரும்புள்ளி விழுந்து, கிள்ளினால் மெதுவாகவே திரும்பப் படிகிறது. அக்குளை ஒட்டிய உள்பக்கத் தோல் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. வெளிப்பக்கம் நாற்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியது. புற ஊதா ஏ மேல்தோலைத் தாண்டி அடித்தோல் வரை இறங்கி, தோலை இழுத்துப் பிடிக்கும் கொலாஜனைக் குலைக்கும். மேகத்தையும் சாதாரணக் கார் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். இந்த ஊரில் வானிலை அறிக்கையோடு புற ஊதாக் குறியீடும் சொல்கிறார்கள். அது 3-ஐ எட்டுகிற நாளில் முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் பேரனைப் பள்ளியில் விடப் போகிறேன்.