வளைவுகளை அளக்கும் நூல்

பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே படத்தில் ஸ்கேலை வைத்தால் சுமார் 37 கிலோமீட்டர் வரும். சாலையில் போனால் ஏறக்குறைய 65. மலை ஏறுவதால்தான் தூரம் கூடுகிறது என்று பலரும் சொல்வார்கள். ஏற்றத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. பதினைந்து அடிக்கு ஓரடி ஏறுகிற சாலையில்கூட, படத்தின் ஒரு கிலோமீட்டருக்கு நிஜத்தில் கூடுவது இரண்டே மீட்டர்தான். மிச்சமெல்லாம் வளைவுகளின் கணக்கு.

அதனால் ஸ்கேலை விட நூலை நம்புகிறவன் நான். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 படத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தைக்கிற நூலை லேசாக நனைத்தால் காகிதத்தில் ஒட்டி நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் விரலால் அழுத்திக்கொண்டே சாலையின் மேல் படிய வைக்க வேண்டும். பிறகு நூலை இழுக்காமல் நிமிர்த்தி, படத்தின் அடியில் இருக்கும் அளவைக் கோட்டில் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கோட்டில் பூஜ்யம் இடது ஓரத்தில் இருக்காது, சற்று உள்ளே தள்ளியிருக்கும். வலப்பக்கம் முழுக் கிலோமீட்டர்கள். இடப்பக்கம் ஒரே ஒரு கிலோமீட்டரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். நூலின் வலது நுனியை முழு எண்ணில் நிறுத்தினால், இடது நுனி மிச்ச மீட்டர்களைக் காட்டும். ஓரத்திலிருந்தே எண்ணத் தொடங்குபவருக்கு ஒரு கிலோமீட்டர் பிசகும்.

படத்தை ஜெராக்ஸில் சுருக்கியிருந்தால் 1:50,000 என்ற எண் பொய்யாகிவிடும். கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அதை நம்பலாம்.

ஆனால் நூலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் 1:10,00,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சாலைக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், தரையில் அது அரைக் கிலோமீட்டர் அகலம்! ஆழியாறுக்கு மேலே வரும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துபோகும். வரைபவர் வேறு வழியில்லாமல் சாலையை நீவிவிடுகிறார். நூல் அளப்பது அந்த நீவிய சாலையைத்தான்.

அப்படிப்பட்ட படம் மட்டுமே கையில் இருந்தால் வழியைப் பிரித்துக் கணக்குப் போடுவேன். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சமவெளி. அங்கே நேர்த்தூரம் சுமார் 20. அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 24. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நேர்த்தூரம் 17தான். மலை என்பதால் இரண்டரை மடங்காக்கினால் சுமார் 42 வரும். மொத்தம் 66. உண்மைக்குப் பக்கம்தான். இந்த மடங்கு எல்லா மலைக்கும் பொருந்தாது. பள்ளத்தாக்கோடு போகும் சாலைக்கு ஒன்றரை மடங்கே போதும். சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் சரிவை ஒரு சாலை நேராக வெட்டி ஏறுவதுபோல் படத்தில் தெரிந்தால், அங்கே வளைவுகள் விடுபட்டிருக்கின்றன என்று கொண்டு பெரிய மடங்கைப் போடுவது நல்லது. நேரத்துக்கும் இதே பிரிவுதான்: சமவெளி 24 கிலோமீட்டருக்கு அரை மணி, மலையின் 42க்கு ஒன்றரை மணிக்கு மேல்.