நிற்கும் மட்டம்

வில்பட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குச் சோலை ஊற்றிலிருந்து ஓஸ் இழுத்திருக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் இப்படித் தண்ணீர் எடுக்கும் வீடுகள் நிறைய. ஓஸ் வந்து விழும் சிமெண்ட் தொட்டி 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். தை மாதம் நான் பார்த்தபோது இரவெல்லாம் தண்ணீர் விழுந்தும் மட்டம் 70 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. பங்குனியில் அது 17 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. "ஓட்டை பெரிசாயிடுச்சு மாமா, உள்ளே முழுக்கப் பூசணும்" என்றான் வீட்டுப் பிள்ளை.

நான் ஓஸ் வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடித்தேன். தை மாதம் ஒரு நிமிடத்தில் நிரம்பிய வாளி, இப்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. ஊற்று பாதியாகியிருந்தது. ஓட்டை அப்படியேதான் இருந்தது.

இன்ஜினியரிங் பாடத்தில் இதற்குக் 'கன்ட்ரோல் வால்யூம்' என்று ஒரு வழி உண்டு. முதலில் எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்று மனத்தில் ஓர் எல்லை வரைந்துகொள்ள வேண்டும். இங்கே தொட்டியிலுள்ள தண்ணீர் மட்டுமே நம் எல்லை. அதன் மேல்பக்கம் மட்டத்தோடு ஏறி இறங்கும். அந்த எல்லைக்குள் நுழையும் நிறையிலிருந்து வெளியேறும் நிறையைக் கழித்தால், உள்ளே சேரும் வேகம் கிடைக்கும். தண்ணீரின் அடர்த்தி மாறாததால் கிலோவுக்குப் பதில் லிட்டரிலேயே எழுதிவிடலாம்:

A dh/dt = Q − 0.6 a √(2gh)

A தொட்டியின் தரைப்பரப்பு, 3 சதுர மீட்டர். Q ஓஸ் தரும் நீர். a ஓட்டையின் பரப்பு. h ஓட்டைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம். ஓட்டை வழியே பாயும் நீர் சுருங்கி வருவதால் அந்த 0.6.

மட்டம் ஏற ஏற ஒழுக்கும் கூடும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகி மட்டம் நின்றுவிடும். தை மாதம் தொட்டியில் அலுங்காமல் நின்ற தண்ணீருக்குக் கீழே நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. மட்டம் அசையவில்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒழுக்கு உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. ஆகவே வரவு பாதியானால் நிற்கும் மட்டம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 70 சென்டிமீட்டர் 17 ஆனதற்குக் காரணம் இவ்வளவே. கணக்கைத் திருப்பிப் போட்டால் ஓட்டையின் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் என்று வருகிறது.

ஆனால் அது ஒற்றை ஓட்டைதானா, தொட்டியின் அடி முழுக்கக் கசிகிறதா? பூச்சு வேலையா, அடைப்பு வேலையா என்பது இதைப் பொறுத்தது. லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய அன்று ஓஸை மடக்கிக் கட்டி, வீட்டுக் குழாய்களையும் மூடினோம். ஒரு குழாய் திறந்திருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். மட்டம் 1 மீட்டரில் இருந்தபோது ஒரு சென்டிமீட்டர் இறங்க, அதாவது 30 லிட்டர் போக, 100 விநாடி ஆனது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, 25 சென்டிமீட்டரில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு 200 விநாடி ஆனது. உயரம் கால் பங்கானபோது நேரம் இரட்டிப்பானால் அது ஓட்டை. மயிரிழை விரிசல்களிலும் பூச்சிலும் ஊறிப்போகும் கசிவாக இருந்தால், அது உயரத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். நேரம் நான்கு மடங்காகி 400 விநாடி வந்திருக்கும். இரண்டும் கலந்திருந்தால் விடை நடுவில் விழும்.

பின்பக்கம் புதரை விலக்கிப் பார்த்தோம். சுவரடியில், எப்போதோ கழற்றிய குழாயின் துளையிலிருந்து நீர் பீய்ச்சி நேராக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அதனால்தான் தரையில் ஈரமே தெரியவில்லை.

1863-இல் லெவிஞ்ச் என்பவர் அணை கட்டி உருவாக்கிய கொடைக்கானல் ஏரியும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். ஓடையும் மழையும் வரவு. ஆவியாவதும் ஊறுவதும் வழிவதும் செலவு. அங்கே வழியும் நீர் சில்வர் காஸ்கேடாக விழுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வீட்டுத் தொட்டியின் செலவு அப்படித் தெரிவதில்லை.

துளையை அடைத்த பிறகு, பாதியாகிப்போன அதே ஊற்று பத்து மணி நேரத்தில் தொட்டியை விளிம்புவரை நிரப்புகிறது. உங்கள் தொட்டியும் நிரம்ப மறுத்தால், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு வரவை அளந்து பாருங்கள். பிறகு ஓஸை மூடி, இரண்டு உயரங்களில் இறக்கத்தை அளந்து பாருங்கள்.