ஒரு சுயவிபரக் கோவை

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பிளாஸ்டிக் உறையொன்றைக் கையில் ஏந்தியவராய் எம் வீட்டுப் படலையைத் திறந்தார். உருக்கி ஒட்டும் தொழிலைப் பல்லாண்டு கற்பித்துவிட்டு ஓய்ந்திருக்கும் எம்மிடம், திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பிள்ளைகள் வளைகுடாப் பயணத்திற்கு முன் இவ்வாறு வந்துபோவது வழக்கந்தான்.

"சேர், அபுதாபியில பைப் வெல்டர் வேலை. நீங்க பார்த்துச் சரியெண்டு சொன்னா நாளைக்கே ஏஜென்சியில குடுத்துடுவன்."

வேலை விளம்பரம் சுருக்கமாக இருந்தது. தொழிற்சோதனை கொழும்பில், அத்தாட்சிப்படுத்திய சான்றிதழ் அவசியம், இரண்டு வருட ஒப்பந்தம், மாதம் 1,800 திர்ஹம். சுயவிபரக் கோவையோ நான்கு பக்கம். முதற்பக்கத்திலேயே தடித்த எழுத்தில் '6ஜி வெல்டர், ஆறு வருட அனுபவம்' என்றிருந்தது.

6ஜி என்பது வெறும் பட்டமன்று. சரிவாக, நாற்பத்தைந்து பாகையில் அசையாது பொருத்தப்பட்ட குழாயின் இணைப்பைச் சுற்றிவந்து ஒட்டவேண்டும். குழாயைத் திருப்ப முடியாது, ஒட்டுபவனே வளையவேண்டும். அடிப்புறத்தில் தலைக்கு மேலாகவும், பக்கத்தில் நிமிர்வாகவும், உச்சியில் தட்டையாகவும் ஒரே கை ஒரே சீராக ஓடவேண்டும். இதைச் செய்தவன் தன் கோவையில் குழாயின் விட்டத்தையும் சுவரின் தடிப்பையும் எழுதாமல் விடமாட்டான். முதல் ஓட்டத்தை எந்தக் கம்பியால் போட்டான், மேலே எதனால் நிரப்பினான் என்பதையும் சொல்வான். பெரும்பாலும் அடிக்கு 6010, மேலே 7018.

இந்தக் கோவையில் விட்டமும் இல்லை, தடிப்பும் இல்லை. கம்பி என்று குறித்திருந்தது 6013 ஒன்றே. படலைக்கும் யன்னற் கிராதிக்கும் படகுப் பட்டறைக்கும் அது போதும். எண்ணெய் ஓடும் குழாயின் அடியோட்டத்திற்கு அதை எவரும் எடுப்பதில்லை. அந்த ஒரு சொல்லே எமக்கு மற்றெல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"தம்பி, குழாய் எங்கே ஒட்டினீர்?"

அவர் தலை குனிந்தார். ஒட்டியது தகடு, அதுவும் நிமிர்த்தி வைத்த தகடு, அதாவது 3ஜி. கோவையை ரைப் செய்த கடைக்காரரிடம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்ததாம். பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றிக் கொடுத்தாராம்.

"சான்றிதழ் உண்மையானது சேர். மூண்டு சீல் இருக்கு."

இருந்தன. வழங்கிய நிறுவனத்தினது, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவினது, தூதரகத்தினது. ஆனால் அந்த முத்திரைகள் எதை அத்தாட்சிப்படுத்துகின்றன? தாளிலுள்ள கையொப்பம் உரிய அதிகாரியினது என்பதை. ஒட்டும் கை இன்றும் அதே கைதானா என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. சான்றிதழ் 2021இல் பெற்றது. அதன்பின் இரண்டு வருடம் அவர் முச்சக்கர வண்டி ஓட்டியிருக்கிறார். கோவையில் அந்த இடைவெளி அனுபவமாக நிரப்பப்பட்டிருந்தது. வளைகுடாவின் எண்ணெய்க் கம்பெனிகள் பெரிதும் பின்பற்றும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிகளின்படி, ஒட்டுநன் ஒருவன் அந்த ஒட்டுமுறையை ஆறு மாதம் தொடர்ந்து கைவிட்டால் அவனுடைய தகுதி காலாவதியாகிறது.

கொழும்பில் எப்படியோ தேறிவிடலாம் என்று அவருக்கு யாரோ நம்பிக்கையூட்டியிருந்தனர். தேறினாலும் வேலைத்தளத்தில் மறுபடி சோதிப்பார்கள். ஒட்டை ஊடுகதிரில் படம் பிடிப்பார்கள். தவறினால் உதவியாளன் கூலி, அல்லது திரும்பும் விமானம். தாயாரின் நகை ஏற்கெனவே அடகில்.

ஒப்பந்த மாதிரியையும் வாங்கிப் பார்த்தோம். 1,800 திர்ஹம் என்பது இரண்டாகப் பிளந்திருந்தது: அடிப்படைச் சம்பளம் 1,000, படிகள் 800. கைக்கு வருவது ஒன்றுதானே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் அந்நாட்டுச் சட்டம் மேலதிக நேரத்தை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடுகிறது. அதோடு இருபத்தைந்து வீதம் கூடுதல். நாளுக்கு இரண்டு மணி வீதம் இருபத்தாறு நாள் உழைத்தால் சுமார் 270 திர்ஹம். முழுத்தொகையும் அடிப்படையாயிருந்தால் அது 487. பணிமுடிவுக் கொடையும் அப்படியே: வருடத்திற்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளம். இரண்டு வருடத்திற்கு 2,520 வரவேண்டிய இடத்தில் 1,400 வரும். திருட்டு என்று சொல்ல முடியாத விதத்தில் உழைப்பைக் குறைத்து அளக்கும் படி இது; பேனா முனையால் செய்யப்படுவது.

இளைஞருடைய பாட்டனார், 1957இல் பிரித்தானியர் வெளியேறும்வரை இங்குள்ள கப்பற்றளத்தில் கூலிக்கு நின்றவராம். அவர் எந்தத் தாளில் கையொப்பமிட்டாரோ!

"3ஜி எண்டு எழுதினா கூப்பிடுவாங்களா சேர்?"

இரும்புக் கட்டமைப்பு வேலைக்குக் கூப்பிடுவார்கள். சம்பளம் குறையும் என்றோம். அவர் முகம் வாடியது. அந்த வாட்டத்தின் முன் எம் பென்சிலும் சற்றுத் தயங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. பொய்யை எழுதத் தூண்டியது அவருடைய பேராசையன்று, கடன்.

மறுநாட் காலை, பழக்கமான பட்டறையொன்றில் துண்டுக் குழாய் இரண்டைச் சரிவாகப் பொருத்தி, மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டுக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் வியர்வை சொட்ட ஒட்டினார். வெளியே பார்வைக்கு அழகான ஒட்டுத்தான். அறுத்து உட்புறத்தைக் காட்டினோம். உச்சியிலும் பக்கங்களிலும் உலோகம் ஊடுருவி ஒரு சிறு வரம்பாக நின்றது. அடிப்பாகத்தில், தலைக்கு மேலாக ஒட்டிய அந்த நான்கு விரற்கடை நீளத்தில், இரண்டு விளிம்புகளும் தொடாமலே கிடந்தன.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டை அதே பிளாஸ்டிக் உறைக்குள், கோவையின் மேல் வைத்துக்கொண்டார்.

"அடுத்த கிழமையும் வரலாமா சேர்?" என்று கேட்டார்.

வரச்சொன்னோம். 7018 கம்பியைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரம் ஏறி ஒட்டில் துளை விழும் என்பதால், மூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கிவரும்படியும் சொன்னோம்.