கிழித்தாலே உயில் ரத்தாகிவிடுமா? பீரோவில் கிடக்கும் இரண்டு துண்டுகள்!

ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் வருவதற்கு முன்பே அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிப்போட்ட 40 சென்ட் நிலம். இன்று அதில் லைன் வீடுகள் கட்டி, தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்று அப்பா உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்திருந்தார்.

ஒருநாள் வாடகைப் பணத்தில் அப்பாவுக்கும் மூத்தவனுக்கும் சண்டை. கோபத்தில் அப்பா உயிலை எடுத்து நடுவே கிழித்தார். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு துண்டுகளும் பீரோவில் புடவைக்கு அடியில் போயின. அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. சில வருடங்களில் இறந்தும் போனார்.

"அப்பாதான் கிழிச்சுட்டாரே, உயில் செல்லாது" என்கிறான் இளையவன். "ஒட்டினா ஒரு எழுத்துகூட குறையல" என்கிறான் மூத்தவன். உயில் செல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, இரண்டு மகன்கள், மகள் என்று ஆளுக்கு 10 சென்ட். செல்லுமானால் 40 சென்ட்டும் மூத்தவனுக்கு. துண்டுகளைப் பத்திரப்படுத்திய அம்மாவுக்கே பங்கு கிடையாது.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 70-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. உயிலை எரித்தோ, கிழித்தோ, வேறு வகையில் அழித்தோ ரத்து செய்யலாம். ஆனால், எழுதியவரே அதைச் செய்ய வேண்டும். அல்லது அவர் சொல்லி, அவர் கண் முன்னால் இன்னொருவர் செய்ய வேண்டும். கூடவே, ரத்து செய்யும் எண்ணமும் இருக்க வேண்டும். செயல், எண்ணம் இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. எலி கடித்தாலும், வெள்ளத்தில் நனைந்து கிழிந்தாலும், மருமகள் கோபத்தில் எரித்தாலும் உயில் ரத்தாகாது.

எண்ணம் மட்டும் இருந்தால் போதுமா? அதற்கு 1877-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான சீஸ் எதிர் லவ்ஜாய் வழக்கு பதில் சொல்கிறது. ஒருவர் தன் உயிலின் சில வரிகளைப் பேனாவால் அடித்தார். பின்பக்கத்தில் 'ரத்து' என்று எழ்தி, குப்பைக் காகிதங்களோடு வீசினார். வேலைக்காரப் பெண் அதை எடுத்துச் சமையலறையில் வைத்தார். ஏழெட்டு வருடம் கழித்து அவர் இறந்தபோதும் அது முழுசாக அங்கேயே இருந்தது. எண்ணம் தெளிவாகத் தெரிந்தும், காகிதம் அழிக்கப்படவில்லை என்பதால் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். நம் சட்டத்தின் 71-வது பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. கோடு போட்டு அடித்தாலும் எழுத்தைப் படிக்க முடிகிறவரை, உயில் போலவே கையெழுத்தும் சாட்சியும் இல்லாமல் அந்த அடித்தலுக்கு மதிப்பில்லை.

ஒரகடம் அப்பாவோடு இன்னும் பொருந்துவது 1820-ல் வந்த பெர்க்ஸ் வழக்கு. சொத்து பெறவிருந்தவர் மேல் கோபம்கொண்டு ஒருவர் உயிலை நான்கு துண்டாகக் கிழித்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார்; அந்த நபரும் மன்னிப்புக் கேட்டார். கோபம் தணிந்தவர் துண்டுகளைத் தானே பொருத்திப் பார்த்தார். நினைத்ததை அவர் செய்து முடிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார் என்பதால் உயில் ரத்தாகவில்லை.

எனவே துண்டுகளின் எண்ணிக்கையை விட, 'அப்பா முடித்துவிட்டாரா, நிறுத்திவிட்டாரா?' என்ற கேள்விதான் முக்கியம். கையெழுத்துப் பகுதியை மட்டும் வேண்டுமென்றே வெட்டி எடுத்திருந்தால், உயிலின் உயிரே போனதாகக் கொள்ள முடியும். நடுவே ஒரு கிழிசல், கையெழுத்தும் சாட்சிகளும் அப்படியே இருக்கின்றன என்றால் சந்தேகம்தான். ரத்தாகிவிட்டது என்று சொல்கிற இளையவன்தான் அதை நிரூபிக்க வேண்டிவரும். அன்று அப்பா என்ன சொன்னார் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அம்மா.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவான உயிலின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ம் புத்தகத்தில் இருக்கும். வீட்டில் அசலைச் சாம்பலாக்கினாலும் அந்தப் பதிவு அழியாது. அசலை எழுதியவரே அழித்தார் என்று காட்ட முடியாவிட்டால், அந்த நகலை வைத்து வழக்கு நடக்கலாம்.

அன்றைக்கு அப்பா மறுநாளே சார்பதிவாளர் அலுவலகம் போயிருந்தால் கதையே வேறு. முந்தைய உயிலின் பதிவு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, 'இதை ரத்து செய்கிறேன்' என்று ஒரு ரத்துப் பத்திரமோ புது உயிலோ எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், முதல் உயில் பதிவானது என்பதால் இதையும் பதிவு செய்திருந்தால் இரண்டும் அரசுப் பதிவிலேயே இருந்திருக்கும். மனம் மாறாமல் வெறும் கோபம்தான் என்றால், அதே உயிலைப் புதிதாக எழுதியிருக்கலாம்.

இரண்டையும் அவர் செய்யவில்லை. அதனால் 40 சென்ட்டும் இப்போது, கையைப் பிடித்து நிறுத்திய அம்மா கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறார் என்பதில் வந்து நிற்கிறது.